கதகளி முகத்தெழுத்தைப் படிக்கும் வரிசை: நாயகன் யார், வில்லன் யார், அரக்கன் யார்?

கதகளி பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள்: பச்சை நல்லவன், சிவப்பு கெட்டவன், கருப்பு அரக்கன். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே அது கவிழ்ந்துவிடும். இராவணன் முகமும் பச்சைதான். இராமனுக்குத் துணை நிற்கும் சுக்ரீவனுக்குச் சிவப்புத் தாடி. அர்ச்சுனனிடம் வேடனாக வரும் சிவபெருமானுக்குக் கருப்புத் தாடி.

ஒருவர் எந்தக் கட்சி என்று முகத்தெழுத்து சொல்வதில்லை, அவருடைய சுபாவத்தைச் சொல்கிறது. அந்தச் சுபாவத்தையும் தனி ஒரு நிறம் சொல்லிவிடாது. தாடி, அடிநிறம், மூக்கு, கிரீடம் ஆகிய நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் சில நொடிகளில் வேடம் பிடிபட்டுவிடும். தொலைவிலிருந்து எது முதலில் கண்ணில் படுமோ அதிலிருந்து தொடங்கி, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிவதில் முடிகிறது கீழே உள்ள வரிசை.

1. உட்காருவதற்கு முன்

அன்று ஆடப்போகும் கதையின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆட்டக்கதையும் இராமாயணம், பாரதம், பாகவதம் போன்றவற்றிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரிப்பது. அந்தத் துண்டில் வரும் ஐந்தாறு பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். முகத்தைப் பார்த்து வேடத்தின் வகையைக் கண்டுபிடிக்கலாமே தவிர ஆளின் பெயரைக் கண்டுபிடிக்க முடியாது. தருமனும் பீமனும் அர்ச்சுனனும் ஒரே பச்சை. பெயர் பட்டியலிலிருந்துதான் வரவேண்டும்.

இடம் முக்கியம். பச்சை வேடத்தையும், அதேபோல் பச்சை முகமுள்ள கத்தி வேடத்தையும் பிரிக்கும் அடையாளம் மூக்கு நுனியில் இருக்கிறது. கடைசி வரிசையிலிருந்து அது தெரியாது. நடுவில், முன் வரிசைகளில் இடம் பிடியுங்கள்.

முடிந்தால் சீக்கிரம் போய், அனுமதி கேட்டு அணியறையை எட்டிப் பாருங்கள். கொச்சியில் வெளியூர்க்காரர்களுக்காக நடக்கும் சிறு அரங்குகள் சிலவற்றில் ஒப்பனையையே பார்வையாளர் முன்னால் செய்கிறார்கள். முதலில் நடிகர் கண்ணாடி பார்த்துத் தன் முகத்தில் தானே கோடுகளை எழுதுவார். பிறகு பாயில் மல்லாந்து படுக்க, சுட்டிக்காரர் தலைமாட்டில் அமர்ந்து தாடையோரமாகச் சுட்டி வைப்பார். சுட்டி என்பது முகத்தைச் சட்டம் போட்டதுபோல் சுற்றி நிற்கும் வெள்ளை விளிம்பு. அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்த பசையில் வெட்டிய காகிதத்தை நிறுத்துவார்கள். அதன் பிறகு நடிகர் எழுந்து அடிநிறத்தை நிரப்புவார். முழுதும் முடிய மணிக்கணக்கில் ஆகும்.

நிறங்கள் வரும் வழியும் தெரிந்திருக்கட்டும். மனயோலை என்னும் மஞ்சள் தாதுவோடு நீலம் சேர்த்தால் பச்சை. சாயில்யம், அதாவது நம் சாதிலிங்கம், சிவப்பு. விளக்குப் புகைக்கரி கருப்பு. இவற்றைத் தேங்காய் எண்ணெயில் குழைக்கிறார்கள்.

2. முதலில் தாடியைப் பாருங்கள்

தாடி வேடங்களில் முகத்தில் பல நிறம் கலந்து கிடக்கும். அடிநிறத்தைத் தேடிப் போனால் குழம்பிவிடுவீர்கள். வகைக்குப் பெயர் கொடுப்பதே தாடிதான் என்பதால் அங்கிருந்து தொடங்குவது சுலபம். பஞ்சடர்ந்த, வட்டமான பெரிய தாடி தெரிந்தால் அதன் நிறத்தை மட்டும் கேளுங்கள்.

சிவப்பு என்றால் சுவந்த தாடி. மூர்க்கம், அடங்காத பலம். துச்சாசனன், பகாசுரன், வாலி, சுக்ரீவன் எல்லாரும் இங்கேதான். முகத்தில் சிவப்போடு கருப்பும் நிறைய இருக்கும், கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் கருப்பு. மேலுதட்டிலிருந்து இருபக்கமும் காதை நோக்கி வெள்ளைக் காகித மீசை விறைத்து நிற்கும். மூக்கிலும் நெற்றியிலும் பெரிய வெள்ளை உருண்டைகள். தலையில் குட்டிச்சாமரம் என்னும் அகன்ற பெரிய கிரீடம். வாலியும் சுக்ரீவனும் அரக்கர் இல்லையே என்று கேட்பீர்கள். இங்கே எழுதப்பட்டிருப்பது அவர்களுடைய ஆவேசம். அது பகாசுரனுக்கும் உண்டு, வாலிக்கும் உண்டு.

வெள்ளை என்றால் வெள்ளத் தாடி. நடைமுறையில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் அனுமனைத்தான். உடலில் வெள்ளைப் பஞ்சுச் சட்டை, தலையில் விளிம்பு அகன்ற வட்டமுடி. முகத்தில் கருப்பும் சிவப்பும் இருப்பதைக் கண்டு பயந்துவிட வேண்டாம்.

கருப்பு என்றால் கறுத்த தாடி. காட்டில் திரியும் வேடர், சூழ்ச்சிக்காரர். நளசரிதத்தில் நளனைப் பிடித்து ஆட்டும் கலி இந்த வேடம். கிராதத்தில் வேடனாக வரும் சிவனும் இதே வேடம். ஒருவர் கேட்டை விளைவிப்பவர், ஒருவர் தெய்வம். தாடி ‘காட்டான்’ என்று மட்டுமே சொல்கிறது, மீதியைக் கதைதான் சொல்ல வேண்டும்.

3. தாடி இல்லையா? முகம் முழுக்கக் கருப்பா என்று பாருங்கள்

கரி வேடத்தைத் தவறவிடுவது கடினம். கரிய முகம், கன்னத்தில் வெள்ளை விளிம்பிட்ட சிவப்புப் பிறைகள், கருப்பு உடை, உயர்ந்த கருப்புத் தலையணி. அரக்கியரே இதில் அதிகம்: சூர்ப்பணகை, கிர்மீரவதத்தில் சிம்ஹிகை, நரகாசுரவதத்தில் நக்ரதுண்டி. மார்பில் செயற்கை முலைகள் கட்டியிருப்பதால் பெண்கரி என்பது உடனே தெரிந்துவிடும்.

‘கருப்பு என்றால் அரக்கன்’ என்ற சூத்திரம் உண்மையாக வேலை செய்வது இந்த இடத்தில்தான். அதனால்தான் தாடியை முதலில் கழித்துவிடச் சொன்னேன். தாடி இருக்கும்போதே கருப்பை எண்ணத் தொடங்கினால் அனுமனும் கிராதனும் கரிப் பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

4. பச்சை என்றால் மூக்கைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. இங்கே நிதானமாகப் போவோம்.

பச்சை அடிநிறமும், வெள்ளைச் சுட்டியும், வட்டத் தட்டுடைய கேசபாரக் கிரீடமும் இரண்டு வகைக்குப் பொது. ஒன்று பச்சை வேடம், மற்றது கத்தி வேடம். தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒருவன் நளன், இன்னொருவன் கீசகன்.

மூக்கு நுனியையும் நெற்றி நடுவையும் பாருங்கள். அங்கே வெள்ளை உருண்டை, அதாவது சுட்டிப்பூ, இருந்தால் கத்தி. மூக்கு வெறும் பச்சையாக இருந்தால் பச்சை. தயக்கம் வந்தால் கன்னத்துக்கு வாருங்கள். கத்தி வேடத்தில் மூக்கோரத்தில் தொடங்கி, கண்ணுக்குக் கீழாக வளைந்து, நெற்றியோரம்வரை மேலேறும் சிவப்புப் பட்டை ஒன்று இருக்கும். அதைச் சுற்றி வெள்ளைக் கோடு. வளைந்த கத்தி போலவும் முறுக்கிய மீசை போலவும் தோன்றும் இந்தப் பட்டைதான் வேடத்துக்குப் பெயர் கொடுத்தது. பச்சை வேடத்தின் கன்னத்தில் இப்படி எதுவும் வராது. அதில் சிவப்பு உதட்டிலும், நெற்றியில் எழுதிய நாமத்திலும்தான்.

அரக்கனுக்கு ஏன் பச்சை? இராவணன் அரக்கன் மட்டுமில்லை, அரசன், வீரன், கல்விமான். அந்த மேன்மையைப் பச்சை சொல்கிறது. அதன்மேல் ஏறி நிற்கும் சிவப்பு அவனுடைய ஆணவத்தையும் ஆசையையும் சொல்கிறது. இராவணன், துரியோதனன், கீசகன், நரகாசுரன், சிசுபாலன் என்று கத்தி வேடங்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். எல்லாரும் உயர்ந்த நிலையில் இருந்து தம் குணத்தால் சரிந்தவர்கள். தாடிக்காரனிடம் இல்லாத கம்பீரமும் காதலும் இவர்களிடம் உண்டு. கதகளி ரசிகர்களில் பலர் கத்தி வேடம் பார்க்கவே இரவு முழுக்க விழித்திருப்பார்கள் என்பதில் வியப்பில்லை.

கத்தியிலும் இரண்டு உண்டு. சிவப்புப் பட்டை வளைந்து சுருண்டால் குறுங்கத்தி, நேராக நீண்டு மேலேறினால் நெடுங்கத்தி. நெடுங்கத்தி கொஞ்சம் முரட்டுத்தனமான அரக்கருக்கு. முதல் சில ஆட்டங்களில் இந்தப் பிரிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பச்சை வேடக்காரர் எல்லாரும் நாயகர் என்றும் எண்ணிவிடக்கூடாது. கௌரவர் பக்கம் நிற்கும் கர்ணன் பச்சை. நளனைச் சூதில் வென்று காட்டுக்கு விரட்டும் புஷ்கரனும் பச்சைதான். உயர்குடிப் பிறப்பும் அடிப்படைக் குணமுமே அங்கே எழுதப்படுகின்றன. அன்றைய கதையில் அவர் செய்யும் தவறு முகத்தில் ஏறாது.

பச்சைக்குள் கிருஷ்ணனைப் பிரிக்கக் கிரீடம் உதவும். கிருஷ்ணன், இராமன், இலக்குவன் ஆகியோருக்கு வட்டத் தட்டுடைய கேசபாரக் கிரீடம் வைப்பதில்லை. மயிற்பீலி செருகிய, குவிந்த முடி வைப்பார்கள்.

5. தோல் நிறத்தை ஒத்த முகம் என்றால் சுட்டியைத் தேடுங்கள்

மஞ்சளும் செம்மையும் கலந்த, மனிதத் தோலுக்கு நெருங்கிய நிறம் தெரிந்தால் தாடையோரம் சுட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மினுக்கு: பெண்கள், முனிவர்கள், அந்தணர்கள். தமயந்தி, பாஞ்சாலி, நாரதர், குசேலர். சுட்டியும் கிரீடமும் இருந்து, முகம் மட்டும் பழுத்த இலை நிறத்தில் இருந்தால் பழுப்பு: பலராமன், பிரம்மா, சூரியன் போன்றவர்கள். பழுப்பைப் பச்சை வேடத்தின் உறவாகக் கொள்ளலாம்.

இந்தக் கேள்விகளுக்குள் அடங்காத முகம் ஏதாவது வந்தால் அது தேப்பு என்னும் தனி ஒப்பனையாக இருக்கலாம். அலகு வைத்த சடாயு, கருடன், நளசரிதத்து அன்னம், நரசிம்மம் ஆகியவை இப்படி. இவற்றை அடையாளம் காண நிறக் கணக்கு தேவைப்படாது.

6. காதாலும் திரையாலும் சரிபாருங்கள்

முகத்தைப் படித்து ஒரு முடிவுக்கு வந்தபின் அதைச் சோதிக்க இரண்டு வழி உண்டு.

முதலாவது குரல். கதகளி நடிகர் வசனம் பேசுவதில்லை, பாட்டெல்லாம் பின்னால் நிற்கும் பாகவதருடையது. ஆனால் கத்தி, தாடி, கரி வேடங்கள் அலறும். பச்சையும் மினுக்கும் வாய் திறந்து ஓசை எழுப்பாது. மூக்கு உருண்டை சரியாகத் தெரியாத இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், அந்தப் பச்சை முகம் ஒரு முறை உறுமட்டும், காத்திருங்கள். உறுமினால் கத்தி.

இரண்டாவது திரைநோக்கு. இரண்டு பேர் பிடிக்கும் திரைச்சீலைக்குப் பின்னிருந்து அலறல் கேட்கும். விரல்கள் திரை விளிம்பைப் பற்றும். கொஞ்சம் கொஞ்சமாக முகம் வெளிப்படும். கத்தியும் தாடியும் கரியும் இப்படித்தான் அறிமுகமாகும். புதியவருக்கு இது பெரிய வாய்ப்பு, ஏனென்றால் முகம் அசையாமல், விளக்குக்கு நேரே, நீண்ட நேரம் நிற்கும். மூக்கையும் கன்னத்தையும் படிக்க வேண்டிய நேரம் அதுதான். அப்போது கைபேசியைத் தேடிக்கொண்டிருந்தால் இரவு முழுக்கச் சந்தேகம்தான்.

7. ஒரு கதையில் செய்து பார்ப்போம்: துரியோதனவதம்

வயஸ்கர ஆரியன் நாராயணன் மூஸ் எழுதிய இந்த ஆட்டக்கதையில் முக்கியமான வகைகள் ஒரே இரவில் வந்துவிடுவதால் பயிற்சிக்கு ஏற்றது. கதை நமக்குத் தெரிந்ததே: இந்திரப்பிரஸ்தத்தில் அவமானம், சூது, துகிலுரிதல், கண்ணன் தூது, பீமன் சபதம் நிறைவேறுவது.

பச்சை முகத்தோடு ஒருவர் வருகிறார். தாடி இல்லை, முகம் கருப்பில்லை. மூக்கில் உருண்டை, கன்னத்தில் சிவப்புப் பட்டை. கத்தி. பட்டியலில் அரசனாகவும் ஆணவக்காரனாகவும் இருப்பவன் ஒருவனே: துரியோதனன். அவனோடு பெரிய கிரீடமும் சிவப்புத் தாடியுமாக வந்து நிற்பவன் துச்சாசனன். அண்ணன் தம்பிதான், தாய் தந்தை ஒன்றுதான், ஆனாலும் வேடம் வேறு. யோசித்துச் சூழ்ச்சி செய்கிறவனுக்குக் கத்தி, சொன்னதைக் கையால் செய்து முடிக்கும் முரடனுக்குத் தாடி. சுபாவத்தைத்தான் எழுதுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

எதிரே உருண்டையில்லாத பச்சை முகங்கள். பாண்டவர்கள். இவர்களுக்குள் யார் யார் என்று முகத்தில் தேடாதீர்கள், கையில் கதாயுதம் இருக்கிறதா, சூதாட உட்காருகிறவர் யார் என்று பாருங்கள். சுட்டியில்லாத மினுக்கு முகம் பாஞ்சாலி. தூதுக் காட்சியில் பச்சை முகமும் பீலி வைத்த முடியுமாக வருபவர் கிருஷ்ணன்.

பிறகு ஒரு சிக்கல். கதையின் இறுதியில் பீமன் ரௌத்திர பீமனாக வருகிறான். முகத்தெழுத்து கடுமையாகிறது. முன்பு பார்த்த சாந்தமான பச்சை முகத்தைத் தேடினால் கிடைக்காது. வேறொரு நடிகரே அந்தப் பகுதியை ஆடுவதும் வழக்கம். புதிதாக ஓர் அரக்கன் வந்துவிட்டான் என்று பலர் நினைப்பது இங்கேதான். துச்சாசனனைக் கிழிப்பவன் யார், அந்த இரத்தத்தோடு பாஞ்சாலியின் கூந்தலை முடிக்கப் போகிறவன் யார் என்ற கதை நினைவு இருந்தால் குழப்பம் வராது.

8. வழக்கமாக நடக்கும் பிழைகள்

கண் சிவந்திருப்பதைப் பார்த்து ‘கோபக்காரன், வில்லன்’ என்று முடிவு செய்வது. நாயகனுக்கும் கண் சிவந்துதான் இருக்கும். சுண்டைப் பூவின் சூலை உள்ளங்கையில் தேய்த்து உருட்டிக் கீழ் இமைக்குள் வைத்துக்கொள்வார்கள், அதனால் வரும் சிவப்பு அது. எழுத்தில் சேராது.

மேடை விளக்கை மறந்துவிடுவது. எண்ணெய் எரியும் ஆட்டவிளக்கின் முன்னால் பச்சை பச்சையாகவே தெரியும். சில அரங்குகளில் சிவப்பு வண்ண விளக்கு போட்டுவிடுகிறார்கள். அந்த ஒளியில் பச்சை கறுத்துப்போகும், பச்சை முகத்தைக் கரி என்று நினைக்க வைக்கும். அப்படிப்பட்ட மேடையில் நிறத்தை நம்பாமல் வெள்ளையை நம்புங்கள்: சுட்டி இருக்கிறதா, மூக்கில் உருண்டை இருக்கிறதா, கன்னத்துக் கோடு எப்படிப் போகிறது.

சட்டையின் நிறத்தை வைத்து முடிவு செய்வது. சிவப்புச் சட்டை பச்சைக்கும் உண்டு, கத்திக்கும் உண்டு. உதவுவது கரியின் கருப்புச் சட்டையும் அனுமனின் வெள்ளைச் சட்டையும்தான்.

கடைசியாக, இந்த வரிசை முழுவதும் தோற்கும் ஓர் இடம். சிம்ஹிகை பாஞ்சாலியைத் தூக்கிப் போக அழகியாக உருமாறி வருவாள். பூதனையும் அப்படியே குழந்தைக் கண்ணனிடம் வருவாள். இந்த மாறுவேட அரக்கிக்கு லலிதை என்று பெயர், வேடம் சுத்தமான மினுக்கு. செண்டைக்குப் பதிலாக இடக்கை என்னும் தாளவாத்தியம் மென்மையாக ஒலிக்கும், முகத்தில் ஒரு கருப்புப் புள்ளிகூட இருக்காது. பாஞ்சாலியை ஏமாற்றவேண்டிய முகம் உங்களையும் ஏமாற்றும்படியே எழுதப்பட்டிருக்கிறது. சிம்ஹிகை என்றால் முந்தைய காட்சியில் கரி வேடம் வந்து போயிருக்கும், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லலிதை மற்றவரிடமிருந்து முகத்தைத் திருப்பும் நொடியில் அவள் கண்ணைப் பாருங்கள். பார்வை மட்டும் அரக்கியுடையதாக மாறித் திரும்பும்.